மூன்று மாதம் முன்பே முடிவான உதிர்வு

தலைக்குக் குளித்துவிட்டு வாரும்போது சீப்பில் வரும் முடியைப் பார்த்து, நேற்று மாற்றிய ஷாம்பூவையோ, ஊர்த் தண்ணீரையோ, போன வாரத்து அலைச்சலையோ காரணமாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்று உதிரும் முடி உதிர வேண்டும் என்று ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே முடிவாகிவிட்டது. இந்த அத்தியாயத்தில் சொல்ல இருக்கும் எல்லாமே அந்த மூன்று மாத இடைவெளியிலிருந்து பிறப்பவைதான். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் திடீரென்று ஏன் முடி கொட்டுகிறது, ஏன் பிரசவமான உடனே கொட்டாமல் வீடே ஓரளவு நிதானத்துக்கு வந்தபிறகு கொட்டுகிறது என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

நம் தலையில் தோராயமாக ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு முடியை உருவாக்கி, வளர்த்து, பிறகு அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடங்குகிறது. வளர்க்கும் காலம் நீளமானது. ஆளுக்கு ஆள் மாறினாலும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை இருக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் முடி நீள்வது இந்தக் காலத்தில்தான். இதை வளர்பருவம் என்று வைத்துக்கொள்வோம். அது முடிந்ததும் இரண்டு மூன்று வாரங்களில் மயிர்க்கால் சுருங்கி மேலேறுகிறது. அதன்பின் சுமார் மூன்று மாதம் ஓய்வுப்பருவம். ஓய்வில் இருக்கும் முடி வளர்வதில்லை, ஆனால் விழுவதும் இல்லை. தோலுக்குள் சிறு குமிழ் போன்ற அடிநுனியால் பற்றிக்கொண்டு அப்படியே நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்தில் வளரும் முடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மூன்று மாதம் முடிந்தபின்தான், குளிக்கும்போதோ வாரும்போதோ தலையணையில் உரசும்போதோ அது கழன்று வருகிறது.

எலியின் உடலில் முடிகள் அலை அலையாக, பகுதி பகுதியாகச் சேர்ந்து வளர்ந்து சேர்ந்து ஓய்கின்றன. மனிதத் தலையில் அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள்கூடத் தத்தம் போக்கில் போகின்றன. ஒன்று வளர்ச்சியின் இரண்டாம் வருடத்தில் இருந்தால் அடுத்தது ஓய்வில் இருக்கும். அதனால்தான் நமக்குத் தலை முழுதும் ஒரே சமயத்தில் உதிரும் பருவம் என்று ஒன்று கிடையாது. எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் நூற்றில் தொண்ணூறு முடி வளர்ந்துகொண்டிருக்கும், பத்து ஓய்வில் இருக்கும்.

தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை விழுவது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இதிலிருந்தே வருகிறது. ஒரு லட்சத்தில் பத்து சதவீதம் என்றால் பத்தாயிரம் முடி ஓய்வில் நிற்கிறது. ஒவ்வொன்றும் நூறு நாள் அளவுக்கு நிற்கும் என்றால் நாளொன்றுக்கு நூறு முடி தன் முறை வந்து விழும். அடர்த்தி குறைந்த தலையானால் எண்ணிக்கையும் குறையும். வளர்பருவம் நீளமான பெண்ணுக்கு முடி நீளமாகவும் இருக்கும், தினசரி உதிர்வும் சற்றுக் குறைவாக இருக்கும்.

இந்த நூறு என்ற எண் பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது, காரணம் யாரும் அதைச் சரியான இடத்தில் எண்ணுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளிக்கும் பெண்ணுக்கு, இடைப்பட்ட நாட்களில் கழன்று பின்னலுக்குள்ளேயே சிக்கி நிற்கும் முடி எல்லாம் குளிக்கிற அன்று ஒன்றாக வெளியே வரும். நான்கு நாள் பாக்கி ஒரே காலையில் கையில் வந்தால் இருநூறு முந்நூறு முடி இருப்பது இயல்பே. இடுப்பு வரை நீண்ட முடியானால் அந்த முந்நூறும் உருண்டு உள்ளங்கை நிறையும். தோள் வரை வெட்டியவருக்கு அதே முந்நூறு ஒரு சின்னச் சுருளாகத் தெரியும். எனவே ஒரு நாள் சிக்கைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு வாரம் சேர்த்துவைத்து, தனக்கு வழக்கமாக விழும் அளவோடு ஒப்பிடுவதுதான் பயனுள்ளது.

விழுந்த முடியின் அடிநுனியையும் பார்க்க வேண்டும். பல பெண்கள் அதில் வெள்ளையாக ஒரு சிறு முடிச்சைக் கண்டு, "வேரோடு வந்துவிட்டது, இனி அங்கே முளைக்காது" என்று கலங்குகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஓய்வுப்பருவத்தை முறையாக முடித்த முடியின் அடிநுனிதான் அந்த வெள்ளை முடிச்சு. அதில் நிறமி இல்லாததால் வெள்ளையாகத் தெரிகிறது. உண்மையான வேர், அதாவது மயிர்க்கால், தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பல சமயம் அடுத்த முடியை அது ஏற்கெனவே தொடங்கியும் இருக்கும். முடிச்சே இல்லாமல் வெட்டினாற்போல் நுனி இருந்தால் அது உதிர்ந்த முடி அல்ல, ஒடிந்த முடி. இறுக்கமான கொண்டை, சூடு, நிறமேற்றும் ரசாயனம் முதலியவற்றால் முடித்தண்டு பலவீனமாகும்போது அப்படி ஒடியும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

இப்போது அதிக உதிர்வுக்கு வருவோம். 1961-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். ஓய்வுப்பருவ முடி பெருக்கெடுத்து விழுவது என்று பொருள்படும் பெயர் அது. அவர் கண்ட முக்கியமான விஷயம், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி என்று காரணங்கள் எத்தனை வேறுபட்டாலும் மயிர்க்கால் ஒரே விதமாகத்தான் பதில் சொல்கிறது என்பது. வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி காலத்துக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆனால் ஓய்வின் நீளம் மாறுவதில்லை. அதனால் டைஃபாய்டு வந்து குணமானவர் அதை மறந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்குகிறது. கொரோனா காலத்திலும் ஏராளமானோர் இதையே பார்த்தார்கள். அதிகமாக முடி கொட்டுகிறது என்று ஒருவர் வந்தால் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கேட்பது தலையைப் பற்றி அல்ல. மூன்று மாதம் முன்பு என்ன நடந்தது என்றுதான் கேட்பார்.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு இதே வகையானதுதான், ஆனால் அது வரும் வழி சற்று மாறுபட்டது. 1993-ல் ஹெடிங்டன் என்ற மருத்துவர் அதிக உதிர்வின் வழிகளை ஐந்தாகப் பிரித்தார். காய்ச்சலில் முடிகள் முன்கூட்டியே ஓய்வுக்குப் போகின்றன என்றால், கர்ப்பத்தில் ஓய்வுக்குப் போக வேண்டியவை போகாமல் தங்கிவிடுகின்றன என்பது அவர் விளக்கம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஈஸ்ட்ரோஜென் பல மடங்கு உயர்ந்து நிற்கிறது. அது வளர்பருவத்தை நீட்டித்துவைக்கிறது. 1960-ல் லின்ஃபீல்ட் என்ற மருத்துவர் கர்ப்பிணிகளின் தலைமுடியைச் சில முறை பிடுங்கி, நுண்ணோக்கியில் பருவம் பிரித்து எண்ணினார். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வளரும் முடி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை நெருங்கியிருந்தது. பிரசவமாகி ஆறு வாரம் ஆனபோது அது முக்கால் பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. அதாவது ஓய்வில் நிற்பவை நூற்றுக்கு ஐந்திலிருந்து இருபத்தைந்தை நெருங்கிவிட்டன.

இதை ஒரு தலையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் முடியுள்ள ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன் நாளொன்றுக்கு நூறு முடி விழுந்தது. கர்ப்பத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஓய்வுக்குப் போகும் முடி பாதியாகிவிட்டது என்று கொள்வோம். அப்போது உதிர்வும் நாளைக்கு ஐம்பதாக இறங்கும். முடி செழித்து அடர்த்தியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லும் காலம் அதுதான். புதிதாக எதுவும் முளைக்கவில்லை, போக வேண்டியது போகவில்லை. நாளைக்கு ஐம்பது வீதம் நூற்றெண்பது நாளில் ஒன்பதாயிரம் முடி இப்படித் தங்கிவிடுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜென் சில நாட்களிலேயே சரிந்துவிடுகிறது. தங்கிய ஒன்பதாயிரமும் அடுத்த சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்துகின்றன. அவற்றோடு அந்தந்த நாளுக்குரிய வழக்கமான நூறும் சேர்ந்துகொள்கிறது. பிரசவத்தில் போன ரத்தம், தூக்கமின்மை, உடலுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இவற்றால் சில முடிகள் காய்ச்சலில் போவதைப் போல முன்கூட்டியும் ஓய்வுக்குப் போகலாம்.

தலையில் எப்போதும் கலைந்து கிடந்த கால அட்டவணை இப்போது ஒன்றாகிவிட்டது. ஒரே நாளில் நாற்று நட்ட வயல் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வருவதுபோல, ஒன்றாக ஓய்வுக்குப் போனவை ஒன்றாகவே விழ வேண்டும். ஓய்வில் இருபதாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் முடி வரை சேர்ந்துவிட்டால், நூறு நாளில் அவை விழும்போது தினமும் இருநூறு இருநூற்றைம்பது கணக்காகும். உச்ச வாரங்களில் அதற்கும் மேலே போகும். நான்கு நாளுக்கு ஒருமுறை தலை அலசுபவருக்கு ஆயிரத்தை நெருங்கும் முடி. பாதி இடைநாட்களில் சீப்பிலும் துணியிலும் போனாலும் மீதி குளியலறையில் வந்து நிற்கும். தண்ணீர் போகும் வழியே அடைத்துக்கொள்கிற அளவு அது.

அந்தப் பெண் இதை ஒப்பிடுவது கர்ப்பத்துக்கு முந்தைய நூறோடு அல்ல, நேற்று வரை பழகியிருந்த ஐம்பதோடு. உண்மையில் இரண்டு இரண்டரை மடங்கு கூடிய உதிர்வு அவர் கண்ணுக்கு நான்கைந்து மடங்காகத் தெரிகிறது. அந்தக் கலக்கத்தை யாரும் மிகை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பார்த்தது பொய்யல்ல. ஆனால் கூடுதலாகப் போனதில் பெரும்பகுதி கர்ப்பம் தரித்திருக்காவிட்டால் முந்தின ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டியதே.

எல்லாத் தாய்க்கும் இது நடப்பதில்லை. சிலருக்குச் சீப்பில் வித்தியாசமே தெரியாது. ஒரே பெண்ணுக்கு முதல் பிரசவத்தில் கொட்டி இரண்டாவதில் கொட்டாமலும் இருக்கலாம். மேலே சொன்ன அளவீடுகள் மிகச் சில பெண்களிடமிருந்து வந்தவை, ஆதாரம் இன்னும் வலுவாக வேண்டும் என்று 2016-ல் மிராயாஸ், கிரிமால்ட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். அது நியாயமான எச்சரிக்கை. கொட்டுவது எல்லாவற்றையும் பிரசவத்தின் தலையில் கட்டிவிட்டு வேறு காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். காலக் கணக்கு அவர்கள் சொன்னபடியே இருக்கிறது. குழந்தை ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்றாம் மாதத்தில் தாயை நன்றாக இனம் காணும். தாயின் உதிர்வு தொடங்குவது இரண்டிலிருந்து நான்காம் மாதத்துக்குள். சிரிப்பு காரணம் அல்ல, இரண்டும் ஒரே தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. பால் கொடுப்பதுதான் முடியைக் கொண்டுபோகிறது என்ற பேச்சுக்கும் இதே விளக்கம்தான். பால் கொடுக்கும் மாதங்களும் கொட்டும் மாதங்களும் ஒன்றாக வருகின்றன. இதை நம்பித் தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

இந்தக் காலத்தில் குழந்தைக்கும் முடி உதிர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருவில் இருக்கும்போதே குழந்தையின் முன்தலை, நடுத்தலை முடிகள் ஓய்வுக்குப் போய் உதிர்ந்து அடுத்த முடி வந்துவிடுகிறது. பிடரிப் பக்க முடிகள் மட்டும் பிறப்பை ஒட்டி ஓய்வுக்குப் போகின்றன. ஆகவே அவை இரண்டு மூன்று மாதத்தில் விழுந்து பின்தலையில் ஒரு வழுக்கைத் திட்டுத் தெரிகிறது. மல்லாக்கப் படுத்து உரசியதால் வந்தது என்று குழந்தையின் தலையணையை மாற்றுவார்கள். உரசல் முடி விழுவதைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம், அவ்வளவே. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் தொடங்கிய மூன்று மாதம் ஒரே சமயத்தில் முடிகிறது.

தாயின் உதிர்வு பொதுவாக ஆறாம் மாதத்தை ஒட்டித் தணியத் தொடங்கும். சிலருக்கு ஒரு வருடம் வரை நீளும். மீண்டு வருவதை உதிர்வு நிற்பதற்கு முன்பே கண்ணாடியில் பார்த்துவிடலாம். நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் வகிட்டின் இருபுறமும் குத்திட்டு நிற்கும் குட்டை முடிகள்தான் அடையாளம். அவற்றின் நுனி மெல்லியதாகக் கூர்ந்திருக்கும். ஒடிந்த முடிக்கு நுனி அப்படி இராது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்பதால் மூன்று சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு முளைத்தது என்று தேதியே சொல்லலாம். பின்னலின் பழைய கனம் திரும்ப மட்டும் பொறுமை வேண்டும். தோள் வரை நீள இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதால், மயிர்க்கால்கள் முழுமையாக மீண்ட பிறகும் பின்னலின் கீழ்ப்பாதி மெலிந்தே இருக்கும். வேலை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

மருத்துவர் எளிதாகச் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. ஐம்பது அறுபது முடியை ஒரு பிடியாகக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக உருவுவார். தலையின் நான்கைந்து இடங்களில் செய்வார். ஒவ்வொரு பிடியிலும் ஒன்று இரண்டு முடி வந்தால் இயல்பு. எல்லா இடத்திலும் ஐந்து ஆறு என்று வந்தால் உதிர்வு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓய்வுப்பருவ உதிர்வு தலை முழுதும் பரவலாக இருக்கும், முழு வழுக்கை ஆக்காது. நாணயம்போல வட்டமாக ஓரிடம் மட்டும் காலியானால், அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் அங்கே நின்றால், அது வேறு நோய். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போய், நெற்றி ஓரம் அப்படியே இருந்தால் அதுவும் வேறு. மரபுவழி அடர்த்திக் குறைவு பிரசவ உதிர்வுக்குப் பின்தான் முதன்முறையாகக் கண்ணில் படும் பெண்கள் உண்டு.

நான் அதிகம் அஞ்சுவது தைராய்டு தவறவிடப்படுவதைத்தான். பிள்ளை பெற்ற ஒரு வருடத்துக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. முதலில் சில வாரங்கள் சுரப்பு கூடிப் படபடப்பும் எடை இழப்பும் தெரியும், பிறகு சுரப்பு குறைந்து அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று மாறும். கைக்குழந்தையுள்ள வீட்டில் அசதியை யார் நோயாக நினைப்பார்கள்? தேதி இங்கே உதவுகிறது. தணிய வேண்டிய ஆறு, ஏழாம் மாதத்தில் உதிர்வு தணியாமல் கூடினால், அல்லது தணிந்தது திரும்பி வந்தால், பிரசவத்தைச் சொல்லிக்கொண்டிராமல் டி.எஸ்.எச். பரிசோதனை செய்ய வேண்டும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம்.

தைராய்டு பரிசோதனைக்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். முடிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளில் பயோட்டின் மிக அதிக அளவில் இருக்கும். உணவில் குறைவில்லாதவருக்கு அது முடி உதிர்வை நிறுத்துவதாக ஆதாரம் இல்லை. ஆனால் சில ஆய்வுக்கூட முறைகளில் அது தைராய்டு அளவுகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனை அதிகமாகவும் காட்டுகிறது. முடிக்காக விழுங்கிய மாத்திரை, குறைந்த சுரப்பை மறைத்துவிடலாம், இல்லாத மிகைச் சுரப்பையும் காட்டிவிடலாம். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் தாயின் தலையைப் பற்றியதல்ல, குழந்தையின் காலைப் பற்றியது. தாய்க்கு முடி கொட்டும் இந்த மாதங்களில் உதிர்ந்த நீள முடி குழந்தையின் சாக்ஸுக்குள்ளும் கையுறைக்குள்ளும் போர்வையிலும் சேர்கிறது. கால் விரலிலோ கை விரலிலோ ஆண்குறியிலோ அது சுற்றிக்கொண்டால், ஈரத்தில் நீண்டு உலரும்போது சுருங்கி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பசி, ஈரம், வயிற்றுவலி எதுவும் இல்லாமல் குழந்தை ஓயாமல் அழுதால், துணி முழுதும் கழற்றி ஒவ்வொரு விரலையும் விரித்துப் பார்க்க வேண்டும். விரல் நுனி சிவந்தோ நீலம் பாரித்தோ வீங்கியிருந்து அதன் அடியில் ஒரு பள்ளம் தெரிந்தால், முடி கண்ணுக்குப் படாவிட்டாலும் அது உள்ளே புதைந்திருக்கக்கூடும். எளிதில் அவிழ்ந்தால் அவிழ்க்கலாம். இல்லாவிட்டால் எண்ணெய் தடவிக்கொண்டு நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த மாதங்களில் தாய் முடியைக் கட்டிவைப்பதும், குழந்தையின் சாக்ஸை உள்பக்கம் புரட்டிப் பார்த்து மாட்டுவதும் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.